மாடலை மாற்றுவதற்கு முன் நூறு தவறுகளைப் படியுங்கள்

யூடியூபில் ஒரு படத்தின் டிரெய்லர் வெளியாகிறது. அதன் கீழே ஒருவர் ஆங்கில எழுத்தில் தமிழில் எழுதுகிறார்: 'தல ரசிகர்கள் சார்பாக தளபதி படம் வெற்றி பெற வாழ்த்துகள்'. இது பாராட்டா? வெறும் மரியாதையா? இல்லை, உள்ளுக்குள் ஒரு குத்தலா? மனிதர்களே கொஞ்சம் யோசிக்கிற இடம் இது. கம்ப்யூட்டர் யோசிப்பதில்லை. 'பாசிட்டிவ்' என்று ஒரு லேபிளை ஒட்டிவிட்டு அடுத்த கருத்துக்குப் போய்விடுகிறது. சில நேரம் அது சரியாக இருக்கும். சில நேரம் தவறு என்று கணக்கில் ஏறும்.

தவறு என்று ஏறிய பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். பெரும்பாலான இடங்களில் ஒன்றும் நடப்பதில்லை. '75 சதவீதம் சரி' என்று திரையில் ஒரு எண் வரும். போதவில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்: இன்னும் பெரிய மாடல் போடலாம், இன்னும் டேட்டா சேர்க்கலாம், எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுக்கலாம். தவறாகப் போன அந்தக் கருத்துகளை ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாரா என்று கேட்டால், பதில் பெரும்பாலும் மௌனம்தான்.

இது சோம்பேறித்தனம் மட்டுமல்ல. படிப்பது குமாஸ்தா வேலை, மாடலை மாற்றுவது பொறியாளர் வேலை என்று ஒரு நினைப்பு இந்தத் துறையில் ஊறிப்போயிருக்கிறது. அந்த நினைப்பு எவ்வளவு நஷ்டம் தருகிறது என்பதைத் தமிழ்க் கருத்துகளை வைத்தே பார்க்க முடியும்.

கையில் இருக்கும் சரக்கு

2020-இல் பாரதி ராஜா சக்கரவர்த்தி உள்ளிட்ட ஆய்வாளர்கள் யூடியூப் கருத்துகளிலிருந்து ஒரு தரவுத் தொகுப்பை உருவாக்கி வெளியிட்டார்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதப்பட்ட 15,744 கருத்துகள் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஐந்து லேபிள்களில் ஒன்று: பாசிட்டிவ், நெகட்டிவ், கலவையான உணர்வு, உணர்வு தெரியவில்லை, தமிழ் அல்லாதது. இரண்டு பேர் தனித்தனியாக லேபிள் போட்டார்கள். அவர்கள் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர் பார்த்தார். அப்போதும் முடிவாகாவிட்டால் இன்னும் இருவர். ஒழுங்காகச் செய்யப்பட்ட வேலை.

இதில் பாசிட்டிவ் மட்டும் 10,559. அதாவது 67 சதவீதம். எதையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் 'பாசிட்டிவ்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் நிரலுக்கே 67 மதிப்பெண் கிடைத்துவிடும். ஆகவே ஒரு மாடல் 75 எடுத்தது என்றால், அது உண்மையில் கற்றுக்கொண்டது அந்த 67-க்கு மேலே இருக்கும் எட்டுதான். 75 என்ற எண்ணைப் பார்த்தால் இது தெரியாது.

குழப்ப அட்டவணை என்று ஒன்று உண்டு. எந்த லேபிள் எதுவாக மாறிப்போனது என்று கட்டம் போட்டுக் காட்டும். கலவையான உணர்வு பலவற்றை மாடல் பாசிட்டிவ் என்கிறது என்று அது சொல்லும். ஏன் அப்படிச் சொல்கிறது என்பதைச் சொல்லாது. எங்கே வலிக்கிறது என்று நோயாளி கையை வைத்துக் காட்டுவது மாதிரி அது. காரணம் தெரிய வேண்டுமானால் மருத்துவர் தொட்டுப் பார்த்தாக வேண்டும்.

ஒரு குழு, ஒரு வாரம்

இந்தத் தொகுப்பை வைத்து மாடல் பழக்கும் மூன்று பேர் குழு ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு நிரலாளர், அவருக்குக் கீழே ஒரு இளைஞர், பகுதி நேரமாக வரும் தமிழ் முதுகலை மாணவி. இந்தக் குழுவும் இனி வரும் அவர்களுடைய எண்ணிக்கையும் செயல்முறை விளங்குவதற்காகச் சொல்லப்படுபவை. ஆய்வில் வந்த முடிவுகள் அல்ல.

மாடல் 75 சதவீதம் எடுக்கிறது. நிரலாளருக்குக் காரணம் 'தெரியும்'. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும்போது ஆளுக்கொரு எழுத்துக்கூட்டு. 'வேற லெவல்' என்பதை ஐந்து விதமாக எழுதுகிறார்கள். அதை எல்லாம் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் கருவி ஒன்றைக் கட்ட வேண்டும், ஆறு வாரம் ஆகும் என்று திட்டம் போட்டுவிட்டார். திட்டம் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நிராகரிக்க ஒரு காரணமும் தெரியவில்லை. அதுதான் ஆபத்து.

மாணவி கேட்கிறார்: "அண்ணா, ஆறு வாரம் போடறதுக்கு முன்னாடி, தப்பா போனதை ஒரு நாள் படிச்சுப் பாத்துடலாமா?"

படிப்பதற்கு எதை எடுப்பது? தேர்வுக்கென்று ஒதுக்கிய 3,149 கருத்துகளைத் தொடவே கூடாது. அதைப் படித்துவிட்டு மாடலைத் திருத்தினால், கேள்வித்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதின கதைதான். சரிபார்ப்புக்கென்று தனியே 1,260 இருக்கின்றன. அதிலும் முழுவதையும் படித்துவிடக் கூடாது. 400-ஐப் படிப்பதற்கு எடுத்துக்கொண்டு, மீதி 860-ஐ யார் கண்ணிலும் படாமல் மூடி வைக்க வேண்டும். ஏன் 400? மாடல் நாலில் ஒன்றைத் தவறாகச் சொல்கிறது, படிக்க நூறு தவறுகள் வேண்டும், ஆகவே 400.

```python
parts = dev.sample(frac=1, random_state=7)
read, hidden = parts[:400], parts[400:]
errors = read[read.gold != read.pred]
errors.to_csv("errors.csv")
```

முதல் வரி கருத்துகளைக் கலைத்துப்போடுகிறது. அது முக்கியம். கோப்பின் தலைப்பிலிருந்து வரிசையாக எடுத்தால் ஒரே படத்துக்கு வந்த கருத்துகளாக அமைந்துவிடலாம். 'சுவாரசியமான' தவறுகளைப் பொறுக்கி எடுப்பது அதைவிட மோசம். வேடிக்கையானது எல்லாம் வந்து, சாதாரணமானது எல்லாம் விட்டுப்போகும்.

இந்த வழியைப் பரவலாக்கியவர் ஆண்ட்ரூ இங். பூனைப் படங்களைக் கண்டுபிடிக்கும் மாடலை அவர் உதாரணமாகச் சொல்வார். 10 சதவீதம் தவறு வருகிறது. நாய்களைப் பூனை என்று சொல்கிறதே, நாய்ப் பிரச்சினையைத் தீர்க்கலாமா என்று கேள்வி வருகிறது. தவறிய நூறு படங்களைப் பாருங்கள் என்பது அவர் பதில். அதில் ஐந்துதான் நாய் என்றால், நாய்ப் பிரச்சினையை முழுசாகத் தீர்த்தாலும் 10 சதவீதம் 9.5 ஆகும், அவ்வளவுதான். ஐம்பது நாய் என்றால் 5 ஆகும். எத்தனை மாத வேலை மிச்சமாகும் என்பதை இரண்டு மணி நேரப் படிப்பு சொல்லிவிடுகிறது.

படிப்பது எப்படி

மூவரும் எக்செல் ஷீட்டைத் திறந்து உட்கார்கிறார்கள். ஒவ்வொரு வரியிலும் கருத்து, மனிதர் போட்ட லேபிள், மாடல் சொன்ன லேபிள், மாடல் எவ்வளவு உறுதியாகச் சொன்னது என்ற எண், கடைசியில் குறிப்பு எழுத ஒரு காலி இடம்.

இந்தக் காலி இடத்தில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். முதலிலேயே 'எழுத்துக்கூட்டு', 'கிண்டல்', 'மற்றவை' என்று பெட்டிகளைச் செய்து வைத்துக்கொண்டு கருத்துகளை அதில் போட ஆரம்பிக்கிறார்கள். பெட்டியைச் செய்தவர் எதைத் தேடினாரோ அதுதான் கிடைக்கும். எழுத்துக்கூட்டுதான் காரணம் என்று நம்புகிறவருக்கு ஆங்கில எழுத்தில் இருக்கும் எல்லாமே எழுத்துக்கூட்டுப் பிரச்சினையாகத் தெரியும். ஏனென்றால் எல்லாக் கருத்திலும்தான் எழுத்துக்கூட்டு கோணலாக இருக்கிறது! மாடல் சரியாகச் சொன்ன 300-லும் அப்படித்தான்.

அதனால் முதல் முப்பது கருத்துகளுக்குப் பெட்டியே வேண்டாம். தோன்றியதைச் சொந்த வார்த்தையில் எழுதினால் போதும். 'முதல் பாதி புகழ்கிறார், ஆனால் என்று திருப்புகிறார்', 'எந்தக் காட்சியைச் சொல்கிறார் என்று டிரெய்லர் பார்க்காமல் புரியாது', 'லேபிளே சரியில்லையோ?' என்கிற மாதிரி. முப்பது முடிந்ததும் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் பெட்டிகள் தானாக உருவாகும். பிறகு முதலிலிருந்து திரும்ப வந்து குறியிட வேண்டும். ஒரு கருத்துக்கு இரண்டு குறி வரலாம், பரவாயில்லை.

சாயங்காலத்துக்குள் நூறும் முடிகிறது. கணக்கு இப்படி வருகிறது. லேபிளே தவறு அல்லது சந்தேகம்: 26. 'ஆனால்' போட்டுத் திருப்பும் கலவையான கருத்துகள்: 21. யார் யார் சார்பாகவோ சொல்லும் வாழ்த்துகள்: 18. டிரெய்லரைப் பார்த்தால்தான் புரியும் என்கிற ரகம்: 13. எழுத்துக்கூட்டும் புதுச் சொல்லும்: 11. கிண்டல்: 9. ஆங்கில எழுத்தில் வந்த வேறு மொழி: 7. ஏன் என்றே தெரியவில்லை: 10. கூட்டினால் 115, பதினைந்து கருத்துகளுக்கு இரண்டு குறி.

நிரலாளரின் ஆறு வாரத் திட்டம் 11-இல் உட்கார்ந்திருக்கிறது. படித்த 400-இல் ஒரு கருத்து கால் மதிப்பெண். பதினொன்றும் சரியானால் 2.75 ஏறும். 75 என்பது 77.75 ஆகும். அதுவும் கருவி ஒன்றைக்கூட விடாமல் திருத்தி, வேறு எதையும் கெடுக்காமல் இருந்தால்.

எழுத்தைத் திருத்திப் போட்டுப் பார்த்தால்

இங்கேதான் நல்ல குழு இன்னொரு படி போகும். எழுத்துக்கூட்டுதான் காரணம் என்பது படித்தவரின் ஊகம். அதை உடனே சோதித்துப் பார்க்கலாம். மாணவி அந்தப் பதினொரு கருத்துகளையும் தானே கையால் வழக்கமான எழுத்துக்கூட்டுக்கு மாற்றுகிறார். இளைஞர் அவற்றை மாடலுக்குத் திரும்பக் கொடுக்கிறார். நாலு மட்டும் சரியாகின்றன. ஏழு அப்படியே தவறாக நிற்கின்றன.

அதாவது எழுத்துக்கூட்டு கோணலாக இருந்தது உண்மை, ஆனால் ஏழு இடங்களில் அது காரணமில்லை. 'வேற லெவல்' எத்தனை விதமாக எழுதப்பட்டாலும் அது கற்றல் தரவில் நிறைய வருவதால் மாடல் அதைப் பழகிக்கொண்டுவிட்டது. ஆறு வார வேலையின் உச்சபட்சப் பலன் 2.75 அல்ல, 1. இதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

தவறுகளைப் படிக்கிறவர்களில் பலர் இந்தச் சோதனையைச் செய்வதில்லை. குறி போட்டு எண்ணியதோடு நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்தில் இருப்பதெல்லாம் காரணமாகிவிடாது. ஒரு கருத்தில் சந்தேகப்படும் ஒரே அம்சத்தை மட்டும் மாற்றிக் கொடுத்து, மாடலின் பதில் மாறுகிறதா என்று பார்த்தால்தான் காரணம் என்று சொல்ல முடியும்.

பதினெட்டு வாழ்த்துகள்

அடுத்து அந்த 'சார்பாக' வாழ்த்துகள். தமிழ் டிரெய்லர்களின் கீழே இது ஒரு தனி இலக்கிய வகை என்றே சொல்லலாம். ஒரு நடிகரின் ரசிகர்கள் சார்பாக இன்னொரு நடிகருக்கு, ஒரு ஊர் சார்பாக, ஒரு சமுதாயத்தின் சார்பாக என்று படம் வெற்றி பெற வாழ்த்து வந்துகொண்டே இருக்கும். தமிழ் தெரியாதவர் இதைப் படித்தால் 'வாழ்த்து' என்று மொழிபெயர்த்துக்கொண்டு பாசிட்டிவ் என்று கடந்துவிடுவார். தமிழ் தெரிந்தவருக்கு, அதிலும் இந்தக் கருத்துப் பெட்டிகளின் சண்டைகளைப் பார்த்தவருக்கு, இதில் மூன்று நாலு வகை இருப்பது தெரியும்.

ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவி கவனித்தது வேறு: "அண்ணா, இந்தப் பதினெட்டுல பன்னிரண்டுக்கு லேபிள் சந்தேகம்னும் போட்டிருக்கோம். ஒரே மாதிரி வாழ்த்துக்கு ஒரு எடத்துல பாசிட்டிவ், இன்னொரு எடத்துல உணர்வு தெரியலைன்னு இருக்கு."

மாடல் குழம்பவில்லை, மனிதர்கள் குழம்பியிருக்கிறார்கள். லேபிள் போட்டவர்கள் மீது குறை சொல்லவும் முடியாது. இந்த ரகத்தை என்ன செய்வது என்று அவர்கள் கையில் இருந்த விதியில் ஒரு வரி இல்லாவிட்டால், ஆளுக்கொரு முடிவு எடுக்கத்தான் செய்வார்கள். உணர்வைக் கண்டறிவதில் இது சகஜம். இந்தத் தொகுப்பிலேயே லேபிள் போட்டவர்களுக்கு இடையிலான ஒத்திசைவு 0.6-க்குச் சற்று மேலேதான் இருந்தது. 1 என்றால் முழு ஒற்றுமை.

தீர்வு ஒரு வரி விதி. 'பட வெற்றிக்கு வாழ்த்து சொன்னால், யார் சார்பாக இருந்தாலும், வேறு நடிகரை மட்டம் தட்டாதவரை பாசிட்டிவ்' என்று எழுதிக்கொள்ளலாம். இல்லை, வேறு மாதிரியும் முடிவு செய்யலாம். எது சரி என்பதைவிட எல்லோருக்கும் ஒரே விதி என்பதுதான் இங்கே வேண்டியது. பிறகு கற்றல் தரவில் இந்த ரகத்தை எல்லாம் தேடி எடுத்து லேபிளைச் சீராக்க வேண்டும். தேடுவதற்கு ஒரு வரி போதும்:

```
grep -iE "sa+r[bp]a+[gk]h?a" train.tsv
```

'சார்பாக' என்பதை மக்கள் எழுதும் பல எழுத்துக்கூட்டுகளை இது பிடித்துவிடும். இரண்டு நாள் வேலை. உச்சபட்சப் பலன் 4.5. ஆறு வாரத்துக்கு 1 என்பதோடு இதை ஒப்பிட்டால் எதை முதலில் செய்வது என்பதில் விவாதமே இல்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மாடல் தவறாகச் சொன்ன கருத்துகளின் லேபிளை மட்டும் திருத்திவிட்டு, 'பாருங்கள், மதிப்பெண் ஏறிவிட்டது' என்று சொன்னால் அது ஏமாற்று. லேபிளும் தவறாக இருந்து, மாடலும் அதே தவறைச் சொல்லி, 'சரி' என்று கணக்கில் ஏறியவை மற்ற 300-இல் ஒளிந்திருக்கும். விதி மாறினால் அவற்றுக்கும் மாற வேண்டும். அதனால் மாடல் சொன்னதை மறைத்துவிட்டு, 400-இல் இருக்கும் எல்லா 'சார்பாக' கருத்துகளுக்கும் புதிதாக லேபிள் போடுவதுதான் நேர்மை. மூடி வைத்த 860-க்கும் இதையே செய்தாக வேண்டும், ஆனால் மாடலைப் பழக்காத ஒருவர் செய்ய வேண்டும். இங்கே அது மாணவி.

லேபிள் தவறுகள் ஏழை மொழிகளின் பிரச்சினை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். படங்களை அடையாளம் காணும் துறையின் புகழ்பெற்ற தொகுப்பான இமேஜ்நெட்டில், சிறந்த மாடல்கள் மிச்சம் வைத்த தவறுகள் ஒவ்வொன்றையும் கூகுள் ஆய்வாளர்கள் 2022-இல் கண்ணால் பார்த்தார்கள். தவறு என்று கணக்கில் இருந்தவற்றில் கிட்டத்தட்ட பாதி தவறே இல்லை என்று தெரிந்தது. அந்தக் கட்டுரையின் தலைப்பே 'மாவு எப்போது பேகல் ஆகிறது?' என்பதுதான். பிசைந்த மாவு ரொட்டியாவது எந்தக் கணத்தில் என்று மனிதர்களே சண்டை போடும்போது மாடலை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது?

பெரிய பெட்டி எல்லாம் முதல் வேலை அல்ல

21 கருத்துகள் இருக்கும் 'ஆனால்' பெட்டிக்கு வந்தால், பின்னணி இசை செம, ஆனால் கிராபிக்ஸ் சொதப்பல் என்கிற ரகம். மாடல் முதல் பாதியில் மயங்கி பாசிட்டிவ் என்கிறது. காரணம் ஊகிக்கக்கூடியதுதான்: மொத்தத் தொகுப்பில் கலவையான உணர்வு 1,801 மட்டுமே, பாசிட்டிவில் ஆறில் ஒரு பங்கு. சந்தேகம் வந்தால் பாசிட்டிவ் என்று சொல்வதுதான் மாடலுக்கு லாபம். பழக்கும்போது சிறிய வகைகளின் தவறுக்கு அதிக அபராதம் போடலாம். ஒரு நாள் வேலை. ஆனால் இதில் இன்னொரு பக்கம் உண்டு. கலவை என்று சொல்லத் துணிச்சல் வந்த மாடல், இதுவரை சரியாகச் சொல்லிக்கொண்டிருந்த சில பாசிட்டிவ்களையும் கலவை என்று கெடுக்கும். 21-இல் எத்தனை சரியானது என்று மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. சரியாக இருந்த 300-இல் எத்தனை புதிதாகக் கெட்டது என்பதையும் எடுத்துப் படித்தாக வேண்டும்.

டிரெய்லரைப் பார்த்தால்தான் புரியும் என்ற 13-ஐ யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மாடலின் கைக்கு வருவது எழுத்து மட்டும். 'இந்த சீனைப் பாத்துட்டு லைக் பட்டனைத் தேடினேன்' என்று ஒருவர் எழுதினால், அந்த சீன் எப்படி இருந்தது என்று தெரியாமல் மனிதரும் சொல்ல முடியாது. இந்தப் பெட்டியை ஓரமாக வைப்பது தோல்வி ஆகாது. எட்டவே முடியாத மதிப்பெண் எவ்வளவு என்று அது சொல்கிறது. கிண்டல் ஒன்பது, அதுவும் இப்போதைக்குக் காத்திருக்கட்டும்.

நூறு என்பது சின்ன எண்ணிக்கை என்பதையும் மறக்கக் கூடாது. வேறு நூறு தவறுகளைப் படித்திருந்தால் எண்கள் கொஞ்சம் மாறியிருக்கும். நூறில் 11 என்றால், உண்மைப் பங்கு 6 சதவீதத்திலிருந்து 19 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 21 என்றால் 14-லிருந்து 30 வரை. ஆகவே 18-ஆ 21-ஆ எது பெரியது என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பொருளில்லை. அப்போது செலவு குறைந்ததைச் செய்ய வேண்டியதுதான். 7-க்கும் 26-க்கும் உள்ள வித்தியாசம் மாதிரி கண்ணில் அறைகிறவற்றைத்தான் நூறு கருத்துகள் நம்பிக்கையோடு சொல்லும். முடிவெடுக்க அது போதும்.

தவறுகளுக்கு வெளியே ஒளிந்திருப்பவை

இந்த முறைக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தவறுகளை மட்டும் படித்தால், தவறான காரணத்துக்காகச் சரியாகச் சொன்னவை கண்ணில் படவே படாது.

இதை நன்றாகக் காட்டியவர் ஆஸ்திரேலியக் கதிரியக்க மருத்துவர் லூக் ஓக்டன்-ரேனர். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2017-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெஞ்சு எக்ஸ்ரேக்களை வெளியிட்டது. அதில் நுரையீரலைச் சுற்றிக் காற்று சேரும் 'நியூமோதோராக்ஸ்' என்ற நோயை மாடல்கள் நன்றாகக் கண்டுபிடிப்பதாகத் தோன்றியது. அவர் மருத்துவர் என்பதால் மதிப்பெண்ணோடு நிற்காமல் படங்களைப் பார்த்தார். நோய் இருந்த படங்களில் பெரும்பாலானவற்றில் நெஞ்சில் குழாய் சொருகியிருந்தது. அந்தக் குழாய், காற்றை வெளியேற்ற மருத்துவர்கள் ஏற்கெனவே போட்ட சிகிச்சை! அவரும் பிற ஆய்வாளர்களும் சேர்ந்து பிரித்து அளந்தபோது, குழாய் இருந்த படங்களில் மாடலின் திறன் 0.94 என்ற அளவில் இருந்தது. குழாய் இல்லாதவற்றில், அதாவது இன்னும் யாரும் கண்டுபிடிக்காத, உண்மையில் உதவி தேவைப்படும் நோயாளிகளில், 0.77-ஆக இறங்கியது.

தவறுகளை மட்டும் வாசித்திருந்தால் 'குழாய்' என்ற பெட்டியே உருவாகியிருக்காது. குழாய் இருந்தவை சரியான பக்கத்தில் அல்லவா இருந்தன? அதனால் நூறு தவறுகளோடு, சரியாகச் சொன்னவற்றிலிருந்து ஒரு முப்பதையும் கலந்து படிப்பது நல்லது. தமிழ்க் கருத்துகளில் இதற்கு இணை, நடிகரின் பெயர். ஒரு நடிகரின் பெயர் வந்தாலே பாசிட்டிவ் என்று மாடல் பழகியிருக்கலாம். அந்தப் பெயரை வேறு பெயராக மாற்றிக் கொடுத்து, பதில் மாறுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

யார் படிப்பது?

இந்தக் கதையில் மாணவி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? 'சார்பாக' என்ற ஒரு பெட்டி உருவாகியிருக்காது. அந்தப் பதினெட்டும் 'மற்றவை'யில் போயிருக்கும், ஆறு வாரக் கருவி கட்டப்பட்டிருக்கும். மொழி தெரிந்தவர்களை லேபிள் ஒட்டும் கூலிக்கு மட்டும் கூப்பிட்டுவிட்டு, எதைத் திருத்துவது என்று முடிவெடுக்கும் அறைக்கு வெளியே நிறுத்துவது இந்தத் துறையின் வழக்கமாக இருக்கிறது. எதிர்த்திசையிலும் ஒரு தவறு உண்டு: படிக்கிற வேலையை முழுசாக மொழி தெரிந்தவரிடம் தள்ளிவிட்டு, நிரலாளர் அறிக்கையை மட்டும் வாங்கிக்கொள்வது. எழுத்துக்கூட்டை மாற்றிச் சோதிக்கலாம் என்ற யோசனை, மாடலின் உள்விவரம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால்தான் வரும். இரண்டு பேரும் ஒரே மேசையில், ஒரே ஷீட்டில் உட்கார வேண்டும். இதற்கு மாற்று வழி கிடையாது.

திருத்தம் முடிந்து மாடலை மறுபடி பழக்கிய பிறகு, மூடி வைத்த 860-ஐ எடுத்து மதிப்பெண் மட்டும் பார்க்க வேண்டும். படித்த 400-இல் நாலு மதிப்பெண் ஏறி, மூடியதில் மூன்று ஏறியிருந்தால் சந்தோஷம். படித்ததில் நாலு ஏறி, மூடியதில் ஒன்றும் அசையவில்லை என்றால், மாடல் திருந்தவில்லை. படித்த கருத்துகளுக்கு மட்டும் ஏற்றமாதிரி வளைக்கப்பட்டிருக்கிறது.

அடுத்த சுற்றுக்குப் பழைய நூறு உதவாது. அவை படித்துத் தீர்ந்தவை. மிச்சத் தவறுகளின் கலவையும் இப்போது மாறியிருக்கும். ஐந்தில் ஒன்று தவறு என்ற நிலைக்கு மாடல் வந்திருந்தால், நூறு தவறு கிடைக்க இனி 500 கருத்து வேண்டும். 860-இலிருந்து 500 எடுத்தால் மூடி வைக்க 360 மிஞ்சும். அதற்கடுத்த சுற்றுக்கு அது காணாது. அதற்குள் புதிதாகச் சில நூறு கருத்துகளைச் சேகரித்து லேபிள் போட்டு வைத்திருக்க வேண்டும், இந்த முறை அந்த ஒரு வரி விதியையும் சேர்த்து.